தங்கையின் கல்யாணமும் கொழும்பு வேலையும்: சேரும் திகதியைத் தள்ளிக் கேட்பது எப்படி

திருகோணமலையிலிருந்து கொழும்புத் தனியார் நிறுவனமொன்றில் முதன்முறையாக வேலைக்குத் தெரிவாகும் ஒருவருக்கு நியமனக் கடிதம் வரும் நேரமும், வீட்டில் கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் நேரமும் ஒன்றாக வந்து விழுவது புதினமல்ல. ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பதால் வைகாசியிலும் ஆனியிலும் முகூர்த்தங்கள் நெருக்கியடிக்கின்றன. நிறுவனங்களோ அரையாண்டு முடிவதற்கு முன் வெற்றிடங்களை நிரப்பிவிடப் பார்க்கின்றன. அப்போது, “சேரும் திகதியைக் கொஞ்சம் தள்ளித் தரமுடியுமா?” என்று கேட்கவேண்டி வருகிறது. கேட்பது தவறில்லை. ஆட்சேர்ப்பு அலுவலர்களுக்கு இது வாரத்துக்கு ஒருமுறையாவது வரும் கோரிக்கைதான். அவர்களைச் சங்கடப்படுத்துவது கோரிக்கை அல்ல. திகதி எதுவும் சொல்லாமல் “கொஞ்ச நாள்” என்று கேட்கப்படுவதே.

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு நிலைமையை மட்டும் எடுத்துப் பார்க்கிறேன். உப்புவெளியைச் சேர்ந்த ஒரு தம்பிக்குக் கொழும்பு நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவு உதவியாளர் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 4, வியாழக்கிழமை நியமனக் கடிதம் மின்னஞ்சலில் வருகிறது. ஜூன் 9, செவ்வாய்க்கிழமைக்குள் கையொப்பமிட்டு அனுப்பவேண்டும். ஜூன் 22, திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டும். அவருடைய தங்கைக்கு ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தோழனாக நிற்கவேண்டியவர் இவர்தான். “அண்ணன்காரன் இல்லாமல் தாலி கட்டுறதோ?” என்று தாய் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

முதலில் வீட்டோடு பேசுங்கள்

நிறுவனத்துக்கு எழுதுவதற்கு முன், எந்தெந்த நாட்களில் நீங்கள் கட்டாயம் வீட்டில் இருக்கவேண்டும் என்பதை வீட்டாரோடு உட்கார்ந்து தீர்மானித்துக்கொள்ளுங்கள். எங்கள் தம்பியின் குடும்பத்தில் 25ஆம் திகதி மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கும் பெண் வீட்டில் கன்னிக்கால் நடுவதும், 28ஆம் திகதி கல்யாணம், ஜூலை 1ஆம் திகதி நாலாம் சடங்கு. இவற்றோடு அரங்கு, சமையல், உறவினரை ஏற்றி இறக்குவது என்று வீட்டார் சொல்லும் வேலைகளையும் சேர்த்தால் இரண்டு கிழமை போதாது. ஆனால் அவருடைய இடத்தில் வேறொருவர் நிற்கமுடியாத வேலை எது என்று கேட்டால், பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். தோழனாக நிற்பதற்குத் தங்கையின் உடன்பிறந்தவர் வேண்டும். வாகனம் பிடிப்பதற்கு மச்சானோ சித்தப்பாவோ போதும். நாலாம் சடங்கைப் பல வீடுகளில் இப்போது நாள் சுருக்கி முன்கூட்டியே முடித்துக்கொள்கிறார்கள். இரு வீட்டாரும் சம்மதித்தால் அதற்காக ஒரு வேலையைத் தாமதப்படுத்தத் தேவையில்லை.

இந்தக் கணக்கை முதலில் முடிக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஒருமுறை கேட்டுப் பெற்ற திகதியை, “வீட்டில் இன்னும் ஒரு கிழமை நிற்கச் சொல்கிறார்கள்” என்று இரண்டாம் முறை தள்ளிக் கேட்பவரை நிறுவனம் நம்பாது. முதல் கோரிக்கைக்கு முகங்கோணாத முகாமையாளர்கூட இரண்டாவது கோரிக்கையோடு அடுத்த விண்ணப்பதாரரின் கோப்பை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

எல்லாக் குடும்ப நிகழ்வுக்கும் சேரும் திகதியைத் தள்ளவேண்டியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு மரணம் நடந்து, 31ஆம் நாள் அந்தியேட்டி வருகிறதென்றால், அது ஓரிரு நாள் விடயம். அதற்குக் குறித்த நாளில் வேலையில் சேர்ந்துவிட்டு, அந்த நாட்களுக்கு மட்டும் லீவு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்பதே பொருத்தம். கல்யாணம் போலப் பல நாட்கள் தொடர்ந்து நிற்கவேண்டிய நிகழ்வுக்குத்தான் திகதி மாற்றம் தேவைப்படுகிறது.

சேர்ந்த பிறகு லீவு எடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு

“22ஆம் திகதி போய்ச் சேருவோம், பிறகு ஐந்து நாள் லீவு போடுவோம்” என்று பலர் யோசிக்கிறார்கள். புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத ஒரு விதி இங்கே குறுக்கே வருகிறது. இலங்கையில் தனியார் அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை செய்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்துகிறது. அதன்படி, வேலையில் சேர்ந்த முதலாவது நாட்காட்டி ஆண்டில் வருடாந்த லீவு எடுக்கும் உரிமை கிடையாது. அமய லீவும் அந்த முதல் ஆண்டில் இரண்டு மாதச் சேவை பூர்த்தியானால் ஒரு நாள் என்ற கணக்கிலேயே சேர்கிறது. ஆகவே ஜூன் 22ஆம் திகதி சேர்ந்த ஒருவருக்கு 25ஆம் திகதி கையில் ஒரு நாள் லீவுகூட இருக்காது. நிறுவனம் மனம் வைத்தால் சம்பளமற்ற லீவு தரலாம், ஆனால் அது உரிமை அல்ல. சேர்ந்த நான்காம் நாளே தகுதிகாண் காலத்தில் இருக்கும் ஒருவர் போய் அதைக் கேட்பது, சேருவதற்கு முன் திகதி மாற்றிக் கேட்பதைவிட எத்தனையோ மடங்கு கடினம்.

ஜூலை 1ஆம் திகதிக்கு முன்பா, பின்பா?

திகதியைத் தெரிவு செய்யும்போது பார்க்கவேண்டிய இன்னொரு விடயம் இதே சட்டத்துக்குள் இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் இந்தக் கட்டுரையில் நீங்கள் கட்டாயம் நினைவில் வைத்திருக்கவேண்டியது இதுதான்.

அடுத்த ஆண்டில் உங்களுக்கு எத்தனை நாள் வருடாந்த லீவு கிடைக்கும் என்பது, முதல் ஆண்டில் எந்தக் காலாண்டில் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. ஜனவரி 1 முதல் மார்ச் முடிவதற்குள் சேர்ந்தவருக்கு 14 நாள். ஏப்ரல் 1 முதல் ஜூன் முடிவதற்குள் சேர்ந்தவருக்கு 10 நாள். ஜூலை 1 முதல் செப்ரெம்பர் முடிவதற்குள் சேர்ந்தவருக்கு 7 நாள். ஒக்ரோபர் 1 அல்லது அதற்குப் பிறகு சேர்ந்தவருக்கு 4 நாள். இது சட்டம் வைக்கும் குறைந்தபட்ச அளவு. சில நிறுவனங்கள் இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கின்றன என்பதால், உங்கள் நியமனக் கடிதத்தில் லீவு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தம்பியின் மனதில் முதலில் வந்த திகதி ஜூலை 6, திங்கட்கிழமை. நாலாம் சடங்கும் முடிந்துவிடும், ஒரு வார இறுதியும் கையில் இருக்கும் என்பது அவருடைய எண்ணம். அப்படிக் கேட்டுப் பெற்றிருந்தால் அடுத்த ஆண்டு அவருக்கு 7 நாள் வருடாந்த லீவே உரியதாகும். ஜூன் 30, செவ்வாய்க்கிழமை சேர்ந்தால் 10 நாள். ஆறு நாள் முன்பின்னாகச் சேருவதில் மூன்று நாள் லீவு போகிறது. திருகோணமலைக்கும் கொழும்புக்கும் இடையே அலையும் ஒருவருக்கு மூன்று நாள் என்பது பொங்கலுக்கோ ஆடி அமாவாசைக்கோ வீட்டுக்கு வந்துபோகும் ஒரு பயணம். நாலாம் சடங்கைக் கல்யாணத்துக்கு மறுநாள் காலையிலேயே செய்துவிட இரு வீட்டாரும் உடன்பட்டதால், அவர் ஜூன் 30ஐத் தெரிவு செய்தார். சம்பந்தி வீட்டார் உடன்படாமல் போயிருந்தால் ஜூலை 6ஐக் கேட்பதிலும் பிழையில்லை. ஆனால் என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கேட்கவேண்டும்.

நாட்காட்டியில் போயா நாளையும் பாருங்கள். நீங்கள் கேட்கும் திகதி போயாவில் விழுந்தால், அதைக் கூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறார் என்ற எண்ணம் முதல் மடலிலேயே பதிந்துவிடும்.

யாரிடம், எப்போது கேட்பது

நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு, அதில் கையொப்பமிடுவதற்கு முன் உள்ள அந்தச் சில நாட்களே கேட்பதற்கு உரிய காலம். நிறுவனம் உங்களைத் தெரிவு செய்துவிட்டது, ஆனால் நீங்கள் இன்னும் ஒரு திகதிக்கு வாக்குக் கொடுக்கவில்லை. கையொப்பமிட்டு அனுப்பிய பிறகு அதே கோரிக்கை, ஒப்புக்கொண்ட ஒன்றை மாற்றச் சொல்வதாகிவிடும். நேர்முகத் தேர்வில் “எப்போது சேரலாம்?” என்று கேட்கும்போதே கல்யாணத் திகதி தெரிந்திருந்தால் அங்கேயே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. தெரியாதிருந்தால், முகூர்த்தம் குறித்த அன்றே சொல்லுங்கள். கடைசி நாள் வரை வைத்திருந்து சொல்பவரைப் பற்றி நிறுவனம் நினைப்பது, இவருக்கு வேறெங்கோ வேலை கிடைக்கப்போகிறது, அதற்காக இழுத்தடிக்கிறார் என்பதைத்தான்.

உங்களோடு தொலைபேசியில் பேசும் ஆட்சேர்ப்பு அலுவலரால் இதைத் தனியே தீர்மானிக்க முடியாது என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவுக்கு உங்களை எடுத்திருக்கிறார்களோ, அந்தப் பிரிவின் முகாமையாளரே தீர்மானிப்பவர். அலுவலர் உங்கள் கோரிக்கையை அவரிடம் கொண்டுபோகவேண்டும். ஆகவே நீங்கள் எழுதும் மடல், ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே அவருக்கு அனுப்பக்கூடியதாக இருக்கவேண்டும். வேலைவாய்ப்பு முகவர் நிலையம் ஒன்றின் ஊடாகத் தெரிவானவர்கள் இன்னும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். நீங்கள் வேலையில் சேர்ந்தால்தான் முகவருக்குக் கட்டணம் கிடைக்கும் என்பதால், நிறுவனத்திடம் கேட்காமலேயே “பிரச்சினை இல்லை, நான் சொல்லிவிட்டேன்” என்று உங்களைச் சமாளிக்கக்கூடியவர்களும் இருக்கிறார்கள். நிறுவனத்தின் முகவரியிலிருந்து உறுதிப்படுத்தல் வரும்வரை அந்தப் பதிலைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

முதலில் பேச்சு, அன்றே மடல்

தொலைபேசியில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அதே நாளில் மின்னஞ்சல் அனுப்புவதே முறை. பேசாமல் மடல் மட்டும் போனால் அது எத்தனையோ மடல்களுக்குள் கிடக்கும். மடல் இல்லாமல் பேச்சு மட்டும் என்றால் பிறகு காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. எங்கள் தம்பி வெள்ளிக்கிழமை காலை எடுத்த அழைப்பு இவ்வாறு அமைந்தது.

“வணக்கம் மிஸ், நேற்று ஒஃபர் லெட்டர் கிடைத்தது. வேலையில் சேர எனக்குப் பூரண சம்மதம். சேரும் திகதி பற்றி மட்டும் ஒரு விடயம் கேட்கவேண்டும்.”

“சொல்லுங்க தம்பி.”

“இருபத்தெட்டாம் திகதி என்ட தங்கச்சிக்குக் கல்யாணம் மிஸ். நான்தான் தோழனாக நிற்கவேணும். இருபத்திரண்டுக்குப் பதிலாக முப்பதாம் திகதி சேர இடம் தருவீங்களா? இன்றைக்கே மெயிலிலும் அனுப்புறேன்.”

சம்மதத்தை முதலிலும் திகதியைத் தெளிவாகவும் சொன்னார், அவ்வளவுதான். கல்யாணக் கதையை நீட்டவில்லை. அன்று பிற்பகல் அவர் அனுப்பிய மடல் இது. நிறுவனம் ஆங்கிலத்தில் எழுதுமானால் இதே ஒழுங்கில் ஆங்கிலத்தில் எழுதினால் போதும்.

> பொருள்: கணக்குப் பிரிவு உதவியாளர் பதவி – சேரும் திகதியை ஜூன் 30க்கு மாற்றக் கோரல்
>
> மதிப்புக்குரிய அம்மணி,
>
> ஜூன் 4ஆம் திகதி அனுப்பப்பட்ட நியமனக் கடிதத்துக்கு நன்றி. குறிப்பிடப்பட்டுள்ள நிபந்தனைகளின்படி இப்பதவியை ஏற்றுக்கொள்ள விரும்புகிறேன்.
>
> எனது தங்கையின் திருமணம் ஜூன் 28ஆம் திகதி திருகோணமலையில் நடைபெறவுள்ளது. உடன்பிறந்தவன் என்ற முறையில் அதற்கு முந்திய சடங்குகளிலும் நான் பங்குபற்றவேண்டியுள்ளது. ஆகவே ஜூன் 22ஆம் திகதிக்குப் பதிலாக ஜூன் 30, செவ்வாய்க்கிழமை வேலையில் சேர அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இத்திகதிக்குப் பிறகு மேலும் கால அவகாசம் தேவைப்படாது.
>
> கல்விச் சான்றிதழ்கள், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஜூன் 12ஆம் திகதிக்கு முன் அனுப்பிவைக்கிறேன். 22ஆம் திகதிக்கு முன் நான் வாசித்து அறிந்திருக்கவேண்டியவை ஏதும் இருப்பின் தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.
>
> திகதி மாற்றத்துக்கு உடன்படுவீர்களாயின், புதிய திகதி குறிப்பிடப்பட்ட கடிதம் கிடைத்ததும் கையொப்பமிட்டு அனுப்புகிறேன். ஜூன் 9ஆம் திகதிக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இந்த மடலில் கவனிக்கவேண்டியது இரண்டு. “மேலும் கால அவகாசம் தேவைப்படாது” என்ற வாக்கியம் முகாமையாளரின் முக்கியமான பயத்தைப் போக்குகிறது. ஆவணங்களை முன்கூட்டியே தருவதாகச் சொல்வது, ஆள் வரத்தான் போகிறார் என்பதற்கான அடையாளம். அது இல்லாவிட்டால் கோரிக்கை ஒரு தட்டிக்கழிப்பாகத் தோன்றலாம். கல்யாண அழைப்பிதழை இணைக்கவேண்டியதில்லை, கேட்டால் அனுப்பலாம். கல்யாணம் என்றால் மதிக்கமாட்டார்கள் என்று நினைத்து, அம்மம்மாவுக்குக் கடுமை என்று எழுதுபவர்களும் உண்டு. பிறகு கல்யாணப் படங்களை முகநூலில் போட்டுத் தாங்களே மாட்டிக்கொள்வார்கள்.

பதில் வந்த பிறகு

சம்மதம் என்று நேரடியாகப் பதில் வந்தால் நல்லது. ஆனால் எங்கள் தம்பிக்கு வந்த பதில் பாதிச் சம்மதம். புதியவர்களுக்கான அறிமுகப் பயிற்சி ஜூலை 6, திங்கட்கிழமைதான் அடுத்ததாக நடக்கிறது, ஆகவே அன்றைக்கே வந்து சேருங்கள் என்று அலுவலர் எழுதியிருந்தார். கேட்டதைவிடக் கூடுதல் நாள் கிடைக்கிறது என்று மகிழ்ந்து ஒப்புக்கொள்ளும் இடம் இது. ஆனால் ஜூலை 1ஐத் தாண்டுகிறது. அவர் நன்றி சொல்லி, ஜூன் 30ஆம் திகதி பிரிவில் சேர்ந்து வேலையைப் பழகத் தொடங்கி, அறிமுகப் பயிற்சியில் மட்டும் ஜூலை 6ஆம் திகதி பங்குபற்றலாமா என்று கேட்டார். பிரிவு முகாமையாளருக்கும் ஆள் சீக்கிரம் தேவைப்பட்டதால் உடன்பட்டார்கள். லீவுக் கணக்கை அவர் மடலில் குறிப்பிடவே இல்லை. சேருவதற்கு முன்பே லீவைப் பற்றிப் பேசுவது அழகாக இருக்காது, பேசவேண்டிய தேவையும் வரவில்லை.

சில வேளை, “22ஆம் திகதியே வாருங்கள், கல்யாணத்துக்கு நாங்கள் லீவு தருகிறோம்” என்று பதில் வரும். முன்னிருந்தவர் விலகுவதற்குள் வேலையை ஒப்படைக்கவேண்டியிருந்தால் அது நியாயமான பதில்தான். அப்போது ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஜூன் 25, 26 ஆகிய வேலை நாட்களுக்கும், 29ஆம் திகதி போயா விடுமுறையாக இல்லாவிட்டால் அன்றைக்கும் சம்பளமற்ற லீவு தரப்படும் என்று திகதிகளோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்ன அலுவலர் பிரிவு முகாமையாளருக்குச் சொல்ல மறந்துபோனால், சேர்ந்த முதல் கிழமையிலேயே வேலைக்கு வராதவர் என்று பெயர் விழும்.

“பார்ப்போம்” என்று மட்டும் பதில் வந்தால், அல்லது பதிலே வராவிட்டால், ஒப்புக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏற்பதற்குக் கொடுத்த கடைசி நாளுக்கு முந்திய வேலை நாளில் மறுபடியும் ஒருமுறை அழையுங்கள். எங்கள் கணக்கில் அது ஜூன் 8, திங்கட்கிழமை. முடியாது என்று சொல்லிவிட்டால், 22ஆம் திகதி சேர்ந்து கல்யாணத்தன்று மட்டும் வந்துபோவதா, வேலையை விடுவதா என்பதை 9ஆம் திகதிக்குள் நீங்களே தீர்மானிக்கவேண்டும். கையொப்பமிட்டுவிட்டு 22ஆம் திகதி போகாமல் இருப்பதைமட்டும் செய்யவேண்டாம்.

அரசாங்க நியமனங்களுக்கு மேலே சொன்ன பேரம் பொருந்தாது. அங்கே கடிதத்தில் குறித்த நாளில் கடமையைப் பொறுப்பேற்காவிட்டால் நியமனம் இரத்தாகும் என்று எழுதியிருக்கும். நீடிப்பு வேண்டுமென்றால் நியமனம் வழங்கிய அதிகாரிக்கே எழுதி, அவருடைய எழுத்துமூல அனுமதி கிடைத்த பிறகே நம்பவேண்டும்.

புதிய கடிதத்தில் பார்க்கவேண்டியது

திகதி மாற்றத்தை ஒப்புக்கொண்ட மடல் ஒன்றும், பழைய திகதியோடு அச்சிட்ட நியமனக் கடிதம் இன்னொன்றுமாக வருவது அடிக்கடி நடக்கும் தவறு. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பழைய கோப்பைத் திறந்து பெயரை மட்டும் சரிபார்த்து அச்சிட்டுவிடுகிறார்கள். ஆனால் தகுதிகாண் காலம், லீவு, சம்பளம் எல்லாம் அந்தக் கடிதத்தில் உள்ள திகதியிலிருந்தே எண்ணப்படும். பழைய திகதி இருந்தால் 22 முதல் 29 வரை வேலைக்கு வராமல் இருந்தவராகவே பதிவில் நிற்பீர்கள். கடிதத்தில் திகதி ஒரு இடத்தில் மட்டும் இருக்காது. தகுதிகாண் காலம் முடியும் நாளையும் சரிபாருங்கள். ஆறு மாதத் தகுதிகாண் காலம் என்றால், ஜூன் 30ஆம் திகதி சேர்ந்தவருக்கு அது டிசம்பர் 29ஆம் திகதி முடியவேண்டும். டிசம்பர் 21 என்று இருந்தால் பழைய திகதியில் போட்ட கணக்கு என்று தெரிந்துகொள்ளலாம். திருத்திய கடிதம் வந்த பிறகே கையொப்பமிடுங்கள். இப்போது வேறோர் இடத்தில் வேலை செய்பவர்கள் அதற்குப் பிறகே அங்கே விலகல் கடிதம் கொடுக்கவேண்டும்.

சேரும் நாளுக்கு முந்திய இரவுப் பேருந்தில் ஏறி, விடியற்காலையில் கொழும்பில் இறங்கி நேரே அலுவலகம் போவது பலர் செய்வதுதான், ஆனால் கல்யாணக் களையோடு அதைச் செய்யச் சொல்லமாட்டேன். எங்கள் தம்பி 29ஆம் திகதி காலைச் சடங்கு முடிந்ததும் மத்தியானப் பேருந்தில் புறப்பட்டு, இரவு நண்பனின் அறையில் தங்கினார். வழியில் பேருந்து பழுதாகியிருந்தாலும் கையில் ஓர் இரவு இருந்தது.

மாதக் கடைசியில் சேருபவர்கள் முதல் சம்பளப் பட்டியலையும் பார்க்கவேண்டும். பல நிறுவனங்கள் அந்த மாதத்துக்கான சம்பளக் கணக்கை அதற்குள் மூடிவிடுகின்றன. ஆகவே ஜூன் 30ஆம் திகதிக்குரிய ஒரு நாள் சம்பளம் ஜூலைச் சம்பளத்தோடு சேர்ந்து வரலாம். அதற்கும் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்காக 8 சதவீதம் கழிக்கப்பட்டு, நிறுவனத்தின் பங்காக 12 சதவீதம் சேர்க்கப்படவேண்டும். அந்த ஒரு நாள் பட்டியலில் இல்லாவிட்டால், உங்களை ஜூலை 1ஆம் திகதி சேர்ந்தவராகப் பதிந்திருக்கக்கூடும். திருத்திய நியமனக் கடிதத்தின் பிரதியோடு மனிதவளப் பிரிவுக்குப் போய் அன்றே திருத்திக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு லீவு விண்ணப்பம் நிரப்பும்போது இது தெரியவந்தால் திருத்துவது பெரிய பாடாகிவிடும்.